மலையடிவாரத்தில் தட்டுப்படும் பாறை

கேள்வி: நாகமலை அடிவாரத்தில் மனை வாங்கியிருக்கிறோம். குழி தோண்டினால் நாலடியிலேயே பாறை வருகிறது. பாறை மேல்தானே வீடு, மண் பரிசோதனை எதற்கு என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா?

உங்கள் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கடப்பாரை ‘நங்’ என்று நின்றிருக்கும், அதைத்தான் சொல்கிறார். ஆனால் அது மலையின் பாறையா, மலையிலிருந்து விழுந்த கல்லா என்று கடப்பாரைக்குத் தெரியாது. என் அக்கா வீடு இந்த ஒரு வித்தியாசத்தில்தான் விரிசல் விட்டது.

நான் இருபது வருடமாக மண் பரிசோதனைக்குத் துளை போடும் வேலையில் இருக்கிறேன். அக்காவும் மச்சானும் மதுரைக்கு மேற்கே இதே மாதிரி ஓர் அடிவாரத்தில் 30க்கு 40 அடி வீடு கட்டியபோது நான் தூத்துக்குடியில் வேலையாக இருந்தேன். அங்கே கடல் படிய வைத்த கறுப்புக் களி. சிப்பி கலந்து உப்பு ஊறிக் கிடக்கும், மேலே எடையை ஏற்றினால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் களியோடு மல்லுக்கட்டிய நினைப்பில், “பாறை வந்துருச்சு தம்பி” என்று அக்கா போனில் சொன்னதும் “அப்புறம் என்ன கவலை” என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மண் எங்கிருந்து, எதன் மேல் ஏறி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். வைகை கொண்டுவந்த வண்டலில் கற்கள் உருண்டு மழுங்கியிருக்கும், மணலும் களியும் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும். ஆறு சலித்துப் போடுகிறது. காற்று இன்னும் நைசாகச் சலிக்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரியில் சிவப்பு மணலை அள்ளிப் பாருங்கள், எல்லாம் ஒரே பருமனாக இருக்கும். மலைச்சரிவு எதையும் சலிப்பதில்லை. மழையில் நழுவியது, தானாக உருண்டது என்று யானை அளவுக் கல், சில்லுக்கல், செம்மண் எல்லாம் ஒன்றாக வந்து அடிவாரத்தில் கிடக்கும். இதைச் சரிவு மண் என்போம். கற்கள் ரொம்ப தூரம் வராததால் முனை மழுங்காமல் கூராகவே இருக்கும். இந்த மண்ணில் ஒரு குழிக்கும் பத்தடி தள்ளியிருக்கும் இன்னொரு குழிக்கும் சம்பந்தமே இருக்காது.

அக்கா வீட்டில் மொத்தம் பன்னிரண்டு பில்லர், மலையை ஒட்டி நாலு, நடுவில் நாலு, பள்ளத்துப் பக்கம் நாலு. மேல் வரிசையில் நாலடியில் கல் தட்டியது, அதன் மேலேயே கான்கிரீட் போட்டார்கள். பள்ளத்து வரிசையில் ஐந்தடி தோண்டியும் கல் வரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண் செங்கல் மாதிரி இருந்ததால் ‘கெட்டி மண்’ என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். காய்ந்த கெட்டியை நம்பவே கூடாது. அதே மண் ஐப்பசியில் தண்ணீர் குடித்தால் விரலால் அமுக்கலாம்.

முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறியது. அடியில் மயிரிழை, மேலே போகப் போக அகலம். வீட்டின் ஓரம் இறங்குகிறபோது விரிசல் பெரும்பாலும் அப்படித்தான் வாய் பிளக்கும். சிமெண்டுப் பூச்சு சுருங்கினால் வருகிற வலைப்பின்னல் விரிசல் வேறு, இது வேறு. ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தேன். நடு வரிசையை விடப் பள்ளத்து வரிசை 16 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பில்லர் இடைவெளி 12 அடி, அதாவது சுமார் 3.6 மீட்டர். இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கு வித்தியாசமாக இறங்கினாலே சுவர் விரிசல் விடத் தொடங்கும் என்பது 1956ல் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு. 3.6 மீட்டருக்கு அது 12 மில்லிமீட்டர். நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம். வீடு முழுக்க ஒரே சீராக 16 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

பிறகு மேல் வரிசைக் கல்லின் ஓரத்தில் குழி எடுத்தோம். கல்லின் கனம் இரண்டரை அடிதான், அதற்குக் கீழே மறுபடியும் செம்மண். கல்லின் அடிவயிற்றை ஒட்டிக் கையை விட்டுத் துழாவியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. சிவப்பு ஓடு, விளிம்பில் ஒரு கோடு. மனிதர்கள் பானை வனைந்து, உடைத்துப் போட்ட பிறகு வந்து சேர்ந்த கல் அது. அதைத்தான் ‘பாறை’ என்று நம்பி வீட்டை ஏற்றியிருக்கிறோம். அந்த ஓடு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன். ஒரு குழி போதாது. நாலு மூலையிலும் நடுவிலும் எடுங்கள், பள்ளத்து மூலையைக் கட்டாயம் பாருங்கள். கல் தட்டினால் அதைச் சுற்றித் தோண்டி அதன் அடிப்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். மலையில் வெளியே தெரிகிற பாறையில் வரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துக்கொண்டு, குழிக்குள் இருக்கும் கல்லின் வரியோடு ஒப்பிடுங்கள். திசை மாறியிருந்தால் அது உருண்டு வந்த கல். திசை ஒத்துப்போனாலும் அது மலைப் பாறைதான் என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் துளை வேண்டும் என்கிறேன்.

மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று குறைந்தது இரண்டு துளை. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் மண்ணில் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிற வழக்கமான சோதனை இங்கே ஏமாற்றும். கல்லில் பட்டதும் குழாய் இறங்காது, அறிக்கையில் ‘பாறை’ என்று எழுதிவிடுவார்கள். வைர முனை வைத்து, பாறை என்று சொல்கிற இடத்திலிருந்து மேலும் 3 மீட்டர் அறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று திரும்பி வருகிற தண்ணீரைப் பாருங்கள். கல்லை அறுக்கும்வரை சாம்பல் நிறமாக வரும், திடீரென்று சிவந்து முனையும் தொபுக்கென்று இறங்கினால் கல் முடிந்து மண் தொடங்கிவிட்டது.

“அடிவாரத்தில் எத்தனை வீடு நிற்கிறது, பயமுறுத்துகிறீர்கள்” என்று சிலர் கீழே எழுதுவார்கள். நிற்கிறதுதான், நான் மறுக்கவில்லை. எல்லா பில்லரும் ஒரே மாதிரித் தரையில் உட்கார்ந்தால் சரிவு மண்ணிலும் வீடு நிற்கும். சிலது கல்லிலும் சிலது மண்ணிலும் உட்காருவதுதான் ஆபத்து. வேலை பிடிக்க எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம், மதுரையில் நான் வேலை எடுப்பதில்லை. துளை போட்ட பையன்களுக்குக் கூலி கொடுக்க ஆறு மாதம் இழுத்தடித்த ஒரு கட்டுமான நிறுவனத்தோடு பட்டதே போதும்.

குழியில் உருட்டுக்கல்தான் என்று தெரிந்தால், முடிந்தவரை அதை எடுத்துவிட்டு எல்லாக் குழியையும் ஒரே மாதிரியான கெட்டித் தளம்வரை இறக்குங்கள். எடுக்க முடியாத கல்லை மேலே ஒன்று ஒன்றரை அடி உடைத்து, அங்கே சரளையைத் திமிசு போட்டு இறுக்கினால் கல் மட்டும் தனியாக முட்டுக்கொடுக்காது. குழிகள் ரொம்பவும் மாறி மாறி வந்தால் வீட்டுக்கு அடியில் ஒரே பலகையாகக் கான்கிரீட் போடலாமா என்று வடிவமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். மேஸ்திரி முடிவெடுக்கிற இடம் அது இல்லை.

அக்கா வீட்டில் பள்ளத்து வரிசையை ஒவ்வொரு பில்லராக முட்டுக்கொடுத்து, ஒன்பதடியில் கிடைத்த உளுத்த பாறைவரை இறக்கினோம். இரண்டரை லட்சம் ஆனது. மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மலைத் தண்ணீரை வீட்டைச் சுற்றிப் போகவிட்டோம். அதைக் கட்டும்போதே செய்திருந்தால் பாதிச் சிக்கல் குறைந்திருக்கும். உங்கள் மனையிலும் மலையிலிருந்து இறங்கும் ஓடை எது, மனை போட்டவர்கள் அதை மூடிவிட்டார்களா என்று மழைக்கு முன்பே ஒருமுறை மேலே நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.