ஒரே பானை, மூன்று படி

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள். பத்துப் பேர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், நாலைந்து பேர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையே படித்துவிடுவார்கள். ‘மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது’ என்பதை ஆய்வாகக் கொடுக்கப் போகிறேன். இதை மூன்று தரமாக எப்படிப் பிரிப்பது? வாசிக்க வராதவர்களுக்குப் படம் வரையக் கொடுக்கலாமா? குழுக்களுக்கு என்ன பெயர் வைப்பது, மதிப்பெண் எப்படிப் போடுவது?
— ஓர் ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெயர் எதையாவது வையுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் படம் வரையக் கொடுக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது வகுப்பில் பச்சைப்பயறு முளைக்கவைத்தார்கள். எனக்குக் கணக்கு வராது என்பதால் சார்ட் பேப்பரில் பயறுச்செடி வரையும் வேலை. ஜன்னலோரம் இருந்த ஒரு டம்ளரில் பயறு முளைக்காமல் அழுகி நாறியது. ஏன் என்று கேட்கப் போனேன், “உன் வேலையைப் பாருடா” என்றார்கள். பஞ்சு மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றினால் விதைக்கு மூச்சுவிடக் காற்று கிடைக்காது என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அந்த வகுப்பில் உண்மையான கேள்வி அந்த டம்ளரில்தான் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கீழ்ப்படிக்கும் விடை தெரியாத வேலைதான் வேண்டும். தரம் பிரிப்பது என்றால் ஒருவனுக்கு நாலு பக்கம், இன்னொருவனுக்கு ஒரு பக்கம் என்று ஆக்கிவிடுகிறோம். அது தப்பு. பானை எல்லோருக்கும் ஒன்றுதான். எவ்வளவை நாம் முடிவுசெய்து கொடுக்கிறோம், எவ்வளவை அவர்களிடம் விடுகிறோம் என்பதில்தான் படி இருக்கிறது.

முதல் படிக்குக் கேள்வி, செய்முறை இரண்டையும் நீங்களே கொடுங்கள். ஒரே அளவில் இரண்டு பானை, ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்றின் வெளிப்பக்கம் முழுக்கப் பாலிதீன் தாளை இறுக்கிச் சுற்றுங்கள். இரண்டும் நிழலில், வாய் மூடி இருக்கட்டும். எது குளிரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துப் பலகையில் எண்ணை எழுதட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனால் 29 என்று எழுத முடியும். ஆய்வக வெப்பமானிதான் வேண்டும். காய்ச்சல் பார்க்கிறது 35 டிகிரியில்தான் தொடங்கும்.

இரண்டாம் படிக்குக் கேள்வி மட்டும் போதும்: இன்னும் சீக்கிரம் குளிரவைக்க முடியுமா? வழியை அவர்கள் யோசிக்கட்டும். மின்விசிறிக்கடியில் வைப்பார்கள், ஈரத்துணி சுற்றுவார்கள். இரண்டையும் ஒரே பானையில் செய்துவிட்டு ‘துணியால் குளிர்ந்தது’ என்று எழுதுவார்கள் பாருங்கள், அப்போது திட்டாமல் “விசிறியா, துணியா?” என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் அவர்களே ஒன்றை நிறுத்திவிட்டுச் செய்வார்கள்.

மூன்றாம் படிக்குச் சமையலறைத் தராசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். பானையைத் தண்ணீரோடு நிறுக்க வேண்டும். மிச்சத் தண்ணீரைக் குவளையில் அளந்தால் மண் உறிஞ்சியதையும் ஆவியானதாகக் கணக்குப்போட்டு ஏமாந்துபோவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்தில் 60 கிராம் குறைந்தது. பானையின் வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகிற தண்ணீர் அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். 60 கிராமுக்கு 34,800. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர ஒரு கலோரி போக வேண்டும், அதனால் அதை 2,000 கிராமுக்குப் பங்குபோட்டால் 17 டிகிரிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும், ஆனால் குறைந்தது நாலே டிகிரி. மீதிக் குளிர்ச்சி எங்கே போனது? அதுதான் அவர்களுடைய ஆய்வு. பானை குளிரக் குளிரச் சுற்றியுள்ள சூடான காற்று அதைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது, ஆவி எடுத்துப்போகிற வெப்பமும் காற்று கொடுக்கிற வெப்பமும் சமமாகிற இடத்தில் குளிர்வது நின்றுவிடும். புழுக்கமான நாளில் ஆவியாவதே குறைவு, அதனால் வித்தியாசமும் குறைவாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் இதைத் தொடங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மூன்று குழுவும் ஒரே பலகையில்தான் எழுத வேண்டும், தனித்தனி நோட்டு வேண்டாம். முதல் படியில் இருந்த ஒரு பையன் வெப்பமானியை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்துப் படித்து, 27க்குப் பதில் 25 என்று எழுதினான். எல்லோரும் தப்பு என்றார்கள். அவன் திரும்ப எடுத்துக் காட்டினான்: காற்றுப் பட்டதும் கோடு இன்னும் இறங்கியது, குமிழ் காய்ந்த பிறகுதான் ஏறியது. குமிழில் ஒட்டிய ஈரம் ஆவியாகி அதையே குளிரவைத்திருக்கிறது. தராசுக்காரிகள் மூன்று பேரும் எழுந்துவந்து, “இன்னொரு தடவ காட்டுடா” என்றார்கள். படம் வரைய உட்காரவைத்திருந்தால் அவன் கையில் வெப்பமானியே இருந்திருக்காது.

தை, மாசி நல்ல காலம். பானைகளை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். கசிந்து சொட்டுகிற பானை என்றால் அடியில் ஒரு தட்டு வைத்து, தட்டோடு சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள்.