ட்யூபை மாற்றும் முன் ஒரு பேசின் தண்ணீர்

"சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டும் ரெண்டு நாளில் காற்று இறங்கிடுது. வேற ஓட்டையும் கண்ணுக்குத் தெரியலை. ட்யூபையே மாத்தணுமா?"

அவசரப்படாதீர்கள். ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டின் கீழே ஒரு தாத்தாவும் பேத்தியும் இதையே தேடியதைப் பார்த்தேன்.

டயரில் வால்வு இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் தாத்தா ட்யூபை உருவினார். அது கொஞ்சம் உப்பும்வரை காற்றடித்தார். காற்று குறைந்தால் ஊசிமுனை ஓட்டை வாய் திறக்காது. பேத்தி வால்விலிருந்து தொடங்கி, சாண் சாணாகப் பேசின் தண்ணீரில் முக்கினாள்.

"தாத்தா, இங்க குமிழி!"

"விரலால துடைச்சிட்டுப் பாரும்மா."

துடைத்ததும் போய்விட்டது. ரப்பரில் ஒட்டியிருந்த வெறும் காற்று அது. இன்னும் கொஞ்சம் தள்ளி, துடைத்தபிறகும் ஒரே புள்ளியிலிருந்து கடுகுபோல் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அதுதான் ஓட்டை. ஈரம் துடைத்து, பேனாவால் வட்டம் போட்டாள்.

தாத்தா உடனே ஒட்டவில்லை. வால்வைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேரே பிடித்து, ட்யூபை டயர்மேல் வைத்தார். வட்டம் வந்த இடத்தில் டயரின் உள்பக்கம் துணியை ஓட்டினார். துணி மாட்டியது. மயிரிழைக் கம்பி ஒன்று! குறடால் பிடுங்கினார். இதை விட்டுவிட்டால் புது ட்யூபும் ஓட்டையாகும்.

உங்கள் ட்யூபில் பழைய ஒட்டின் ஓரத்தில் குமிழி வந்தால், அதைப் பிரித்து, தேய்த்து, மறுபடி ஒட்டுங்கள். வால்வின் அடியில் வந்தால் மட்டும் ட்யூபை மாற்றுங்கள், அங்கே ஒட்டு நிற்காது.