பாம் செடியில மெல்லிசா வலை, இலையில வெளுத்த புள்ளி: ஸ்பைடர் மைட்டான்னு எப்படி பாக்குறது, எப்படி கழுவுறது

கேள்வி: அக்கா, ஹால்ல ஜன்னல் பக்கத்துல ஒரு அரிக்கா பாம் வச்சிருக்கேன், ரெண்டு வருஷமா நல்லாதான் இருந்துச்சு. ஒரு மாசமா இலை எல்லாம் ஊசியால குத்துன மாதிரி வெளுத்த புள்ளி, இலை தண்டோட சேர்ற இடத்துல ரொம்ப மெல்லிசா நூலாம்படை மாதிரி ஏதோ தெரியுது. தண்ணி பத்தலையோன்னு கூடுதலா ஊத்திப் பாத்தேன், சரியாகல. மருந்து அடிக்கணுமா, இல்ல செடியையே தூக்கிப் போட்டுடணுமா?

பதில்: தூக்கிப் போடாதீங்க, மருந்தும் இப்போதைக்கு வேண்டாம், முதல்ல அந்த கூடுதல் தண்ணிய நிறுத்துங்க, ஏன்னா இது வேர்ல இருந்து வர்ற பிரச்சனை மாதிரி எனக்கு தெரியல, தண்ணி தேங்கி வேர் அழுகிடுச்சுன்னா அப்புறம் ரெண்டு வியாதியோட போராடணும். நீங்க சொன்ன அடையாளம் ரெண்டும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் ஸ்பைடர் மைட்தான், சிலந்திப்பேன்னு சொல்லுவாங்க. ஆனா என் வார்த்தைய நம்பி ஆரம்பிக்காம, அஞ்சு நிமிஷத்துல நீங்களே உறுதி பண்ணிக்கலாம்.

ஒரு வெள்ளை பேப்பர எடுத்து, ரொம்ப புள்ளி விழுந்த ஓலைக்கு கீழ பிடிச்சுக்கிட்டு ஓலைய கையால நாலு தட்டு நல்லா தட்டுங்க. பேப்பர்ல தூசி மாதிரி கொஞ்சம் விழும், உடனே முடிவு பண்ணாம ஒரு அரை நிமிஷம் பேப்பர அசைக்காம வச்சு பாருங்க. தூசி அப்படியே கிடக்கும், மைட் மெதுவா ஊர ஆரம்பிக்கும். முழுசா வளர்ந்தது அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், அதாவது பேனா முனையால வச்ச புள்ளிய விட சின்னது, நிறம் வெளிர் பச்சையாவோ மஞ்சளாவோ இருக்கலாம், ஆரஞ்சு கலந்த சிவப்பாவும் இருக்கலாம், அதனால சிவப்பா இல்லையேன்னு விட்டுடாதீங்க. ஊருற புள்ளி மேல விரல வச்சு ஒரு இழு இழுங்க, பச்சையாவோ பழுப்பாவோ ஒரு கோடு விழுந்தா அது உங்க செடியோட சாறு, அதுக்கு மேல சந்தேகமே வேண்டாம். லென்ஸ் இருந்தா இலையோட அடிப்பக்கத்த பாருங்க, உடம்புல ரெண்டு பக்கமும் கருப்பு திட்டு, எட்டு கால், பக்கத்துலயே கண்ணாடி மணி மாதிரி உருண்டையா முட்டை, அப்புறம் அதுங்க உரிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் உப்புத்தூள் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

வலையிலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. வீட்ல இருக்கிற சாதாரண சிலந்தி ஓலைக்கும் ஓலைக்கும் நடுவுல நீளமா நாலஞ்சு நூல் கட்டும், உள்ள சுத்தமா இருக்கும். மைட் கட்டுற வலை ஈர்க்கு ஓரமா, இலை மடிஞ்சிருக்கிற அந்த இடுக்குல, இலை தண்டோட ஒட்டுற மூலையில படிஞ்ச மாதிரி இருக்கும், அதுல பொடிப்பொடியா ஏதோ ஒட்டியிருக்கும். சும்மா பாத்தா தெரியலன்னா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, துளி துளியா தண்ணி நூல்ல தங்கி வலை பளிச்னு தெரிஞ்சிடும். இலை நுனி மட்டும் காஞ்சு பழுப்பானா அது வேற, தண்ணியோ உப்போ காரணமா இருக்கலாம். வெள்ளி மாதிரி மினுமினுக்கிற கோடும் கூடவே கருப்பு புள்ளியும் இருந்தா அது த்ரிப்ஸ், அதுக்கு வலை இருக்காது.

இப்ப அந்த வெளுத்த புள்ளி என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா இது புரியலன்னா கழுவுன பிறகு ஏமாந்து போயிடுவீங்க. மைட் இலைய கடிச்சு திங்கிறதில்ல, அடிப்பக்கத்துல உக்காந்து ஊசி மாதிரி வாயால ஒவ்வொரு செல்லா குத்தி உள்ள இருக்கிற பச்சையத்த உறிஞ்சிடும். காலியான செல்லு கூட்டம்தான் மேல இருந்து பாத்தா நமக்கு புள்ளியா தெரியுது. அந்த செல் திரும்பி பச்சையாகாது, நீங்க எவ்ளோ நல்லா கழுவினாலும் புள்ளி விழுந்த இலை புள்ளியோடதான் இருக்கும். அதனால பழைய இலைய பாத்து குணமாச்சான்னு தீர்மானிக்க கூடாது, பேப்பரையும் புது குருத்தையும் மட்டும் பாருங்க.

கழுவுறதுக்கு வருவோம். செடிய மத்த செடிங்கள்ல இருந்து தனியா எடுத்து பாத்ரூமுக்கோ வெளிய நிழலுக்கோ கொண்டு போங்க, போற வழியில மத்த செடி மேல ஓலை உரசாம பாத்துக்கோங்க. தொட்டி மண்ண ஒரு பிளாஸ்டிக் கவரால மூடி தண்டைச் சுத்தி கட்டிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவை கழுவும்போதும் மண்ணு ஊறி வேர் அழுகும், விழுகிற மைட்டும் மண்ணுலயே தங்கிடும். முழுசா மஞ்சளாகி காஞ்சு போன கீழ் ஓலை இருந்தா மட்டும் வெட்டி உடனே கவர்ல போட்டு கட்டி குப்பையில போடுங்க, புள்ளி இருந்தாலும் பச்சை மிச்சம் இருக்கிற ஓலைய வெட்டாதீங்க, பாம் மெதுவாதான் புது ஓலை விடும், இருக்கிற பச்சைய வச்சுத்தான் அது பிழைக்கணும்.

தொட்டிய சாய்ச்சு வச்சுக்கிட்டு ஹேண்ட் ஷவர கீழ இருந்து மேல அடிங்க. எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், மேல இருந்து மழை மாதிரி தண்ணி விட்டா இலையோட மேல்பக்கம் பளபளன்னு ஆகும், அடியில இருக்கிறதுங்க வலைக்குள்ள குடை பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கும். இடது கைய இலைக்கு மேல தாங்கி வச்சுக்கிட்டு, வலது கையால அடிப்பக்கமா ஈர்க்க ஒட்டி அடிப்பகுதியில இருந்து நுனி வரைக்கும் தண்ணிய ஓட விடுங்க. தண்ணி வெதுவெதுன்னோ சாதாரணமாவோ இருக்கலாம், சூடு வேண்டாம், வேகம் உங்க உள்ளங்கையில பட்டா நல்லா உறைக்கணும் ஆனா வலிக்க கூடாது. அதுக்கப்புறம் ஈரத்துணியால இலைய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு தடவை உருவி விடுங்க, வலையில ஒட்டின முட்டைய தண்ணி மட்டும் முழுசா எடுக்காது, துணி உராய்ஞ்சாதான் நிறைய வரும். துணிய அடிக்கடி அலசுங்க, இல்லன்னா இந்த இலையில எடுத்தத அடுத்த இலையில தடவிட்டு வருவீங்க. மட்டை அடியில தண்டைச் சுத்தி ஒரு இடுக்கு இருக்கும், இன்னும் விரியாத குருத்துல மடிப்பு இருக்கும், இந்த ரெண்டு இடத்தையும் மறக்காதீங்க. நடுத்தர சைஸ் பாமுக்கு முக்கா மணி நேரம் ஆகும், அவசரமா இருக்கிற நாள்ல ஆரம்பிக்காதீங்க. முடிஞ்சதும் செடிய லேசா உதறி, நேர் வெயில் படாத காத்தோட்டமான இடத்துல முழுசா காய விடுங்க, குருத்து இடுக்குல தண்ணி தேங்கியிருந்தா துணி நுனியால ஒத்தி எடுத்துடுங்க.

ஒரு தடவை கழுவுனா முடிஞ்சிடாது, இதுதான் இதுல முக்கியமான விஷயம். வீட்டுக்குள்ள 30 டிகிரி பக்கத்துல சூடா, காத்து வறண்டும் இருந்தா முட்டையில இருந்து முட்டை போடுற வயசு வரைக்கும் ஒரு வாரம்தான் ஆகும், 20 டிகிரின்னா ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும், ஒரு பெண் மைட் தன் ஆயுசுல நூறு முட்டை வரைக்கும் போடும். நீங்க இன்னைக்கு தப்ப விட்ட முட்டை மூணு, நாலு நாள்ல பொரியும், அந்த குஞ்சு வளர்ந்து முட்டை போடுறதுக்குள்ள நீங்க அடுத்த தடவை கழுவிடணும். அதனால நாலு நாளைக்கு ஒரு தடவை, மூணு வாரத்துக்கு, ஆக மொத்தம் ஆறு தடவை. ரொம்ப சூடான அறைன்னா மூணு நாளைக்கு ஒரு தடவை.

என் தங்கச்சி வீட்டு அரிக்காவுல இத கண்ணால பாத்தேன். முதல்ல அவ ஒரே ஒரு தடவை நல்லா கழுவிட்டு நிறுத்திட்டா, ரெண்டு நாள் செடி ஜம்முன்னு இருந்துச்சு, பத்து நாள்ல அதே வலை திரும்ப வந்துடுச்சு. அடுத்த தடவை ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு வச்சோம், ஒவ்வொரு தடவை கழுவுறதுக்கு முன்னாடி அதே மூணு ஓலைய தட்டி பேப்பர்ல எண்ணினோம். முதல் நாள் 40க்கு மேல எண்ண முடியல. நாலாம் நாள் 15, அதுல பெருசே இல்ல, எல்லாம் வெளிர் நிறத்துல பொடிசு, அதாவது முட்டையில இருந்து புதுசா வந்ததுங்க. எட்டாம் நாள் 6, பன்னெண்டாம் நாள் மறுபடி 9 ஆயிடுச்சு, ஏன் ஏறுச்சுன்னு தேடினா மட்டை அடி இடுக்குல ஒரு சின்ன வலை அப்படியே இருந்துச்சு, பக்கத்துல இருந்த ஐவி செடியும் புள்ளி விழுந்து கிடந்துச்சு. ரெண்டையும் சேர்த்து கழுவுன பிறகு பதினாறாம் நாள் 1, இருபதாம் நாள் ஒண்ணும் இல்ல. ஐவிய பாக்காம விட்டிருந்தா இன்னமும் கழுவிக்கிட்டேதான் இருந்திருப்போம், அதனால உங்க ஹால்ல இருக்கிற மத்த செடிங்களோட அடிப்பக்கத்தையும் அதே பேப்பரால தட்டிப் பாத்துடுங்க.

மருந்து பத்தி கேட்டீங்க. மைட் பூச்சி இனம் இல்ல, சிலந்தி இனம், சாதாரண பூச்சி மருந்துல பலதும் அதுக்கு உறைக்காது, அதை திங்கிற நல்ல உயிர்களத்தான் கொல்லும், சில சமயம் மருந்துக்கு அப்புறம் மைட் அதிகமாகிறதும் உண்டு. மூணு தடவை ஒழுங்கா கழுவியும் எண்ணிக்கை இறங்கலன்னா செடிக்குன்னே விக்கிற இன்செக்டிசைடல் சோப்ப லேபிள்ல போட்ட அளவுல கலந்து, சாயங்காலமா அடிப்பக்கம் நனையற மாதிரி அடிங்க. அது மேல பட்டாதான் கொல்லும், காஞ்ச பிறகு வேலை செய்யாது, முட்டைய பெருசா ஒண்ணும் பண்ணாது, அதனால அதையும் திரும்ப திரும்ப அடிக்கணும். முதல்ல ஒரு ஓலையில மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாருங்க, கருகலன்னா மத்ததுக்கு போங்க. பாத்திரம் கழுவுற லிக்விட கலந்து அடிக்காதீங்க, பாம் இலை கருகிடும்.

இலைக்கு தினம் தண்ணி ஸ்ப்ரே பண்ணா மைட் வராதுன்னு சொல்லுவாங்க, அந்த ஈரம் கொஞ்ச நேரத்துல போயிடும், அத நம்பி இருக்காதீங்க. ஏசி காத்தோ ஹீட்டர் காத்தோ நேரா படுற இடத்துல செடி இருந்தா ரெண்டடி தள்ளி வைங்க, மாசத்துக்கு ரெண்டு தடவை இலையோட ரெண்டு பக்கமும் தூசி துடைங்க, துடைக்கும்போதே அடிப்பக்கம் கண்ணுல படும், அதுதான் பெரிய லாபம்.

ஆறு தடவை முடிச்ச பிறகு வாரம் ஒரு தடவை பேப்பர் தட்டுறத ஒரு மாசத்துக்கு விடாம பண்ணுங்க. இடையில ஒரு குருத்து விரியும், அதோட இலைய வெளிச்சத்துக்கு எதிர்ல தூக்கிப் பிடிச்சு பாருங்க, ஒரு புள்ளி கூட இல்லாம ஒரே பச்சையா இருந்தா செடிய பழைய இடத்துலயே கொண்டு போய் வைக்கலாம்.