பச்சைச் சுவரோரம் பச்சைச் செடி

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்களுக்குப் பழைய வீடு. கூடத்து மூலையில், ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு இசட்-இசட் செடியும் மணி பிளாண்ட்டும் மண்தொட்டிகளில் இருக்கின்றன. மூலைக்கு ஒரு பக்கம் கதவு நிலை, மறுபக்கம் தூண். இரண்டும் மூன்றடி தூரம். சுவர் பிஸ்தா பச்சை, தரை சிவப்பு ஆக்சைடு. செடி இருப்பதே தெரியவில்லை. பெயிண்டர் அந்த மூலைக்கு மட்டும் கரும்பச்சை அடித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார். தொட்டிக்கும் சுவருக்கும் என்ன நிறம் சரி?

பதில்: கரும்பச்சை வேண்டாம். இசட்-இசட் இலையே கரும்பச்சைதான், சுவரோடு சுவராகப் போய்விடும். இலையைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். கைபேசியில் அந்த மூலையைப் படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மணி பிளாண்ட் இலையும் பிஸ்தா சுவரும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் முதலில் இந்தச் சோதனையில் தேறட்டும்.

உங்கள் மூலைக்கு லேசான செம்மை கலந்த ஆஃப் ஒயிட் போதும். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு என்பதால் அந்தத் துளிச் செம்மையே இலையைப் பசுமையாகக் காட்டும். அதற்காக அசல் சிவப்பு அடித்தால் கண் சுவரிலேயே நின்றுவிடும், செடிக்கு வராது. பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் கேளுங்கள். இசட்-இசட் இலை தானே மினுங்கும். பின்னாலிருக்கும் சுவரும் மினுங்கினால் இலையின் ஓரம் கலங்கித் தெரியும்.

ஷேடு கார்டை நம்பிச் சுவரைக் கெடுத்தவர்கள் ஏராளம். தபால்தலை அளவுக்கு ஒரு நிறம், அதற்கு வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர், அதையும் கடை டியூப் லைட்டில் காட்டுவார்கள். மூலையில் இரண்டு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை எறிவதால் அடித்த பிறகு நிறம் கார்டைவிட அழுத்தமாகத் தெரியும். அதனால் பிடித்ததற்கு ஒரு படி வெளிர்ந்ததை எடுங்கள். 200 மில்லி சாம்பிள் கிடைத்தால் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, செடிக்குப் பின்னால் நிறுத்துங்கள். காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பார்த்தால் போதும். மஞ்சள் விளக்கில் ஆஃப் ஒயிட் பழுத்துத் தெரியும், இலையும் பழுப்படிக்கும். பெட்டியில் 4000 கெல்வின் என்று போட்ட பல்பு இதற்கு நல்லது.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பக்கத்துக்கு மூன்றடி, ஏழடி உயரம் என்றால் 42 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் தாராளம். நாலு லிட்டர் டின் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பல டின்களுக்குள் பெயிண்டருக்கான டோக்கன் இருக்கிறது, டின் பெரிதானால் அதுவும் பெரிது. மிச்சமாகும் காசை பிரைமருக்குச் செலவழியுங்கள். வெள்ளை பிரைமர் இல்லாமல் பிஸ்தாமேல் நேராக அடித்தால் பச்சை மங்கலாக மேலே தெரியும். வண்ணத்தைக் கதவு நிலையிலும் தூணிலும் கொண்டுபோய் முடிக்கச் சொல்லுங்கள். சுவர் நடுவில் விட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

தொட்டிக்கு வருவோம். வழக்கமாக மண்ணின் செங்கல் நிறத்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பேன். ஆனால் சிவப்பு ஆக்சைடு தரையில் அது தரையோடு கரைந்து, செடி தரையிலிருந்தே முளைத்தது போல் ஆகிவிடும். மங்கிய சாம்பலோ கறுப்போ, பளபளப்பில்லாததாக எடுங்கள். பச்சைத் தொட்டி கூடவே கூடாது. நர்சரிகளில் எனாமல் பூசிய மண்தொட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் மண் உள்ளிருந்து நீரைக் கசிய விடும், அந்த ஈரம் பெயிண்ட்டைக் கொப்புளமாகத் தூக்கி உரித்துவிடும். உங்கள் மண்தொட்டிகளை வீணாக்க வேண்டாம். ஓட்டையில்லாத சாம்பல் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்குள் இறக்குங்கள், தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து வடியவிட்டு மறுபடி வையுங்கள். சுவருக்கும் தொட்டிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், இல்லையேல் பழைய சுவரின் அடியில் ஓதம் ஏறும்.

மணி பிளாண்ட் மட்டும் விதிவிலக்கு. உங்களிடம் இருப்பது முழுப் பச்சை என்றால் மேலே சொன்னதே போதும். மஞ்சளும் வெள்ளையும் தெளித்த இலை என்றால் ஆஃப் ஒயிட்டில் அந்தத் தெளிப்புகள் சுவரோடு கலந்து, இலை பூச்சி அரித்தது போலத் தெரியும். அதற்குக் கரும்சாம்பல் பின்னணிதான் தூக்கிக் கொடுக்கும். ஆனால் கரும்சாம்பல் வெளிச்சத்தை விழுங்கும். ஜன்னலிலிருந்து பத்தடியில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. சுவரும் திருப்பித் தராவிட்டால் புதிதாக வரும் இலைகள் தெளிப்பில்லாமல் வெறும் பச்சையாக வரும், கொடியின் கணுக்களும் நீண்டுகொண்டே போகும். எதற்காகக் கறுப்படித்தீர்களோ அதுவே போய்விடும். ஆகவே தெளித்த மணி பிளாண்ட்டை ஜன்னலுக்கு நாலடிக்குள் நகர்த்தி, அதன் பின்னால் ஒன்றரையடி அகலத்தில் கரும்சாம்பல் பலகை ஒன்று வைத்துவிடுங்கள். இந்த மூலையை இசட்-இசட்டுக்கே விடுங்கள், அது குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும்.