வீரன் எப்போது வீரையன் ஆனார்?

கேள்வி: 1948-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மிராசுதார் குடும்பம், பண்ணையாள் குடும்பம் இரண்டுக்கும் காலத்துக்கு ஏற்ற பெயர்கள் வேண்டும். நல்ல பெயர்ப் பட்டியல் ஏதாவது சொல்வீர்களா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பட்டியலைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கும். ஊர் இருக்காது, வயது இருக்காது, அந்தப் பெயரை யார் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதும் இருக்காது. பட்டியலைப் பார்த்துப் பெயர் வைப்பதால்தான் எங்களுக்கு வரும் கதைகளில் மன்னார்குடி வயலில் சுடலைமுத்து நாற்றுப் பறிக்கிறார், பேச்சியம்மாள் களை எடுக்கிறார். சுடலை, பேச்சி, இசக்கி எல்லாம் திருநெல்வேலிச் சீமையின் தெய்வங்கள். கீழத்தஞ்சையில் ஊர் எல்லையில் நிற்பவர்கள் காத்தவராயன், வீரனார், அய்யனார், பிடாரி, காளி. அதனால் இங்கே காத்தான், காத்தமுத்து, வீரன், வீரையன், அய்யாக்கண்ணு, மாரிமுத்து என்று பெயர் வரும். பெயருக்காக ஒரு கதையைத் திருப்பி அனுப்பலாமா என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அனுப்பலாம், இனியும் அனுப்புவேன். தெற்கிலிருந்து பிழைக்க வந்த சுடலைமுத்து என்று கதையே சொன்னால் சரி. சொல்லாவிட்டால், எழுதியவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

டெல்டாவில் பெயர்கள் கோயிலிலிருந்து கிளம்புகின்றன. ஒவ்வொரு பத்து மைலுக்கும் ஒரு பெரிய கோயில். அதன் சாமி, அம்மன் பெயர்கள் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு. மன்னார்குடி என்றால் ராஜகோபாலன், செங்கமலம். திருவாரூர் என்றால் தியாகராஜன், கமலாம்பாள். வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து வைத்தியநாதன், வைத்தியலிங்கம், தையல்நாயகி. நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி. திருவையாற்றுப் பக்கம் பஞ்சாபகேசன், பஞ்சநதம், தர்மசம்வர்த்தினி. பஞ்சாபகேசனைக் கேட்டதும் வடக்கே பஞ்சாபை நினைப்பவர்கள் உண்டு, அவர் ஐயாறப்பரேதான். நாகூர் தர்காவை ஒட்டி சாகுல் ஹமீதும் மீரானும், வேளாங்கண்ணியை ஒட்டி ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும். உங்கள் கிராமம் எது என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே வந்துவிடும்.

அடுத்தது கணக்கு. நீங்கள் கேட்பது 1948-இன் பெயரை. ஆனால் 1948-இல் பிறந்தவர் உங்கள் நாவலில் தொட்டிலில்தான் கிடப்பார். மிராசுதாருக்கு 55 வயது என்றால் அவருக்குப் பெயர் வைத்தது 1893-இல். அதுவும் புதிதாக வைத்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும் பாட்டனார் பெயர். ஆக அந்தப் பெயர் 1948-ஐவிட நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. குலதெய்வம் வைத்தீஸ்வரன்கோயில் என்று வைத்துக்கொண்டு வைத்தியலிங்க முதலியார் என்று பெயரிடுவோம். அவர் மனைவி மன்னார்குடியில் பிறந்தவர், செங்கமலம். அவருடைய பேரனுக்கு ஐந்து வயது, அவனும் வைத்தியலிங்கம்தான்.

இங்கேதான் நாவல் தொடங்குகிறது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். அதனால் தான் பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் 'தம்பி' என்பாள், 'ராஜா' என்பாள். செங்கமலமும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். பேரனை அவள் 'குஞ்சு' என்று கூப்பிட்டால் வீடே குஞ்சு என்னும். வைத்தியலிங்கம் என்பது பட்டாவிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் இருக்கும். ஊருக்கு அவர் 'பெரிய பண்ணை', ஆட்களுக்கு 'ஆண்டே'. நாவலில் எல்லோரும் எல்லோரையும் பட்டாப் பெயரில் கூப்பிட்டால், பெயர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் ஆள் பொய்யாகிவிடுவார். எனக்கு வரும் கதைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மகனுக்கு வருவோம். 26 வயது, 1922-இல் பிறந்தவர், சோமசுந்தரம். நீங்கள் அவருக்கு மதிவாணன் என்று பெயர் வைக்க ஆசைப்படலாம். பிறந்தபோது வைத்த பெயராக அது நிற்காது. ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போய், தானே மாற்றிக்கொண்டு வந்த பெயர் என்றால் நன்றாக நிற்கும். 1920-இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்த நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது அப்படித்தான். 1922-இல் திருவாரூர்ப் பக்கம் காட்டூரில் பிறந்த ராமையா அன்பழகன் ஆனதும் அப்படித்தான். இருவரும் அண்ணாமலையில் படித்தவர்கள். ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். அதனால் உங்கள் மதிவாணன் பெயருக்குப் பின்னால் முதலியார் வராது. அப்பாவோ கடைசிவரை 'சோமு' என்றுதான் கூப்பிடுவார். புதுப் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் யார், சோமு என்றே அழைப்பவர்கள் யார் என்று பிரித்துக் காட்டினால், வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்குத் தனியாக வசனம் எழுத வேண்டியதில்லை.

பண்ணையாள் குடும்பத்துக்கு உழைப்பு இன்னும் அதிகம் வேண்டும். பலர் இங்கேதான் சோம்பேறித்தனம் செய்கிறார்கள். கருப்பன், குப்பன் என்று எழுதிவிட்டு மிராசுதார் மாளிகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். குப்பன் தவறான பெயர் அல்ல. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து இப்படிப் பெயர் வைப்பார்கள். பிச்சை, பக்கிரி என்பவையும் அந்தப் பயத்தில் வைத்தவைதான். அந்தப் பயம் எல்லா ஜாதிக்கும் பொது. அக்கிரகாரத்தில் குப்புசாமி ஐயர் இருப்பார், சேரியில் குப்பன் இருப்பார். 'சாமி' யாருக்கு ஒட்டுகிறது, 'அன்' யாருக்கு மிஞ்சுகிறது என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது.

உங்கள் பண்ணையாளுக்கு 40 வயது, பெயர் வீரன் என்போம். பண்ணைக் கணக்கில் வீரன், களத்தில் 'டேய் வீரா'. 1943-லிருந்து பி. சீனிவாசராவ் தஞ்சை மாவட்டத்தில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டுகிறார். சங்கக் கூட்டத்தில் ஒருவர் முதன்முறையாக 'தோழர் வீரையன்' என்று கூப்பிடுகிறார். அந்த ஒரு அசைக்கு மிராசுதார் எப்படிப் பதறுவார் என்று எழுதுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது அதுவரை கிராமத்தில் பெரும்பாலும் பெரிய பண்ணைகளின் உரிமை; குன்னியூர் சாம்பசிவ ஐயர் என்பதுபோல. சங்கம் வந்தபிறகு உங்கள் ஊருக்கு அருகிலிருந்தே களப்பால் குப்பு என்று ஒரு தலைவர் வருகிறார். அதே குப்பு, ஆனால் முன்னால் ஊர் நிற்கிறது.

வீரையனின் மனைவிக்கு அஞ்சலை, பாப்பா, மாரியாயி எதுவும் பொருந்தும். மகனைப் பள்ளியில் சேர்க்கும் காட்சி உங்கள் கதையில் இருந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் பெயரை எழுதுவது வாத்தியார் என்பதை மறக்காதீர்கள். வீட்டில் சின்னானாக வளர்ந்தவன் அங்கே சின்னையன் ஆகலாம், அவர் விருப்பப்படி வேறு யாராகவும் ஆகலாம். முதல் அத்தியாயத்தை அனுப்பிவையுங்கள், படிக்கிறேன்.