ஹீமோகுளோபின் சரி, ஆனால் கால் நகரவில்லை: ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பெண், 31, அரை மாரத்தான் ஓடுபவர்): "முன்னே கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷத்துல ஓடினா இதயத்துடிப்பு 148 காட்டும். மூணு மாசமா அதே வேகத்துக்கு 163 போகுது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 11. லேப்ல 10லேர்ந்து 150 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. டாக்டரும் ஒண்ணுமில்லைன்னுட்டார். நான் நிஜமாவே சோம்பேறியா?"

சோம்பல் இல்லை. ஃபெரிட்டின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். ஹீமோகுளோபின் என்பது உலையில் வேகும் அரிசி, ஃபெரிட்டின் குதிரில் கிடக்கும் நெல். குதிர் அடியைத் தொடும்வரை உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். உங்கள் குதிரில் தரை தெரிகிறது. உடல் முதலில் ரத்தத்துக்குத்தான் இரும்பை ஒதுக்கும், தசைக்கு அப்புறம்தான். அதனால் ரத்தச் சோகை வருவதற்கு முன்பே கால் கனக்கலாம். லேப் அச்சிடும் வரம்பு பொதுமக்களை வைத்துப் போட்டது. அந்தக் கூட்டத்திலேயே பாதிப் பெண்களுக்குக் குதிர் காலி என்றால், காலியே 'நார்மல்' ஆகிவிடும். ஓடுபவர்களுக்கு ஃபெரிட்டின் 30, 35க்குக் கீழே போனாலே நான் கவனிப்பேன்.

இரண்டு கேள்விகள். சமைக்கும்போது பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுகிறீர்களா? மாதவிடாய் நாட்களில் இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா?

அவரே மறுபடி: "அரிசி... ஆமா. அம்மா திட்டுவாங்க. ரெண்டாவதுக்கும் ஆமா, ஆனா எனக்கு எப்பவுமே அப்படித்தான்."

பச்சரிசி, ஐஸ் கட்டி, சாக்பீஸ் மேல் வரும் ஆசை இரும்புக் குறைவின் பழைய அடையாளம். 'எப்பவுமே அப்படித்தான்' என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒழுகும் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (ஆண், 39): "எனக்கும் அதே அசதிதான், ஆனா ஃபெரிட்டின் 78. அப்போ இரும்பு இல்லேன்னு முடிவு பண்ணலாமா? ஞாயித்துக்கிழமை 32 கிலோமீட்டர் ஓடிட்டு திங்கள் காலைல ரத்தம் கொடுத்தேன்."

அந்த 78ஐ நம்ப வேண்டாம். நீண்ட ஓட்டத்தால் உடலில் அழற்சி ஏறும், ஃபெரிட்டினும் அதோடு சேர்ந்து ஏறும். சளி, காய்ச்சல் வந்தாலும் இதே கதை. இரண்டு மூன்று நாள் லேசாக ஓடுங்கள் அல்லது ஓய்வெடுங்கள். அப்புறம் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் ஃபெரிட்டின் பொய் சொல்கிறது என்று அர்த்தம். மறுமுறையும் 78 வந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்: தைராய்டு, பி12, அல்லது போதாத சாப்பாடு.

கேள்வி (பெண், 52, மகள் ஓடுகிறார்): "மாத்திரை எல்லாம் வயித்தைக் கட்டிடும். முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட் ஜூஸ் குடுத்தா தானா ஏறிடும். அந்தக் காலத்துல எங்க பாட்டி மாத்திரையா போட்டாங்க?"

கீரை விஷயத்தில் பாதி சரிதான் அம்மா. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பேர் வாங்கியவை, இரும்பு சொற்பம். பேரீச்சை இனிப்பு என்ற அளவில் நல்லது.

அசைவம் உண்டென்றால் வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி கொடுங்கள். சுவரொட்டி வாங்கச் சொன்ன பாட்டிகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது, அதிலுள்ள இரும்பைக் குடல் எளிதாக வாங்கிக்கொள்ளும். சைவம் என்றால் கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு. இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் வையுங்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் கொண்டுவரும்.

இத்தனையையும் ஒரு டம்ளர் கெடுக்கும். இட்லியோடு காபி, சாப்பிட்ட கையோடு டீ என்பதுதான் நம் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ஆனால் ஃபெரிட்டின் 11 என்று நிற்பவரைச் சாப்பாட்டால் மட்டும் சில மாதத்தில் ஏற்றிவிட முடியாது. ஏறியதைக் கீழே விடாமல் பிடித்துவைக்கத்தான் சாப்பாடு.

கேள்வி (ஆண், 46, முழு மாரத்தான்): "ஓடும்போது பாதத்துல ரத்த அணு உடையுதுன்னு படிச்சேன். என் ஃபெரிட்டின் 14. மெத்தையான ஷூ மாத்தினா சரியாகுமா? லாங் ரன்னுக்கு முன்னாடி வழக்கமா ஒரு வலி மாத்திரை போடுவேன், வேற பிரச்சினை இல்லை."

அணு உடைவது உண்மைதான், ஆனால் அதில் போகும் இரும்பு கொஞ்சம். கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். வலி மாத்திரை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். நீண்ட ஓட்டத்தின்போது குடலுக்குப் போகும் ரத்தமும் குறைவதால் சேதம் கூடும். இதில் கசியும் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். மாதவிடாய் இல்லாத ஆணுக்கு 14 என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை எங்கோ ஒழுகுகிறது என்றே எடுத்துக்கொள்வேன். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வயிற்று மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படலாம். அதற்கு முன் இரும்பு மாத்திரையை ஆரம்பித்தால் மலம் கறுக்கும், ரத்தத்தால் கறுத்ததா மாத்திரையாலா என்று குழப்பம் வரும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): "என் ஹீமோகுளோபின் 16. இரும்பு போட்டா 18 ஆகி இன்னும் வேகமா ஓடலாமா ப்ரோ?"

ஆகாது தம்பி. நிறைந்த குதிரில் கொட்டினால் ஈரலில்தான் போய்ச் சேரும்.

கேள்வி (ஆய்வகத்தில் வேலை செய்பவர்): "உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழேதான் குறைவுன்னு சொல்லுது. நீங்க 30, 35ன்னு பேசறது மாத்திரை விக்கறவங்களுக்கு வசதியா இல்லையா?"

நியாயமான கேள்வி. 15க்குக் கீழே இரும்பு தீர்ந்துவிட்டது என்பதில் சண்டையே இல்லை. 15க்கும் 35க்கும் நடுவில் இருப்பவர்களில் சிலர் மாத்திரை போட்டு நன்றாகிறார்கள், சிலருக்கு எதுவும் மாறுவதில்லை. அறிகுறி இருந்தால் மூன்று மாதம் போட்டுப் பார்ப்பேன், இல்லாவிட்டால் உணவோடு நிறுத்துவேன். இது என் வழக்கம், எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இல்லை.

முதலில் கேட்டவர்: "சரி, மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க, தினமும் ரெண்டு. வயிறு புரட்டுது. எப்போ போடணும்? ஜனவரி ரேஸுக்குள்ள சரியாகுமா?"

தினம் இரண்டு வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். அடுத்து விழும் மாத்திரை வீணாகி வயிற்றைத்தான் கலக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை போட்டாலே, மாத்திரைக்கு மாத்திரை உறிஞ்சுவது கூடும். ஓட்டமும் இதே ஹார்மோனை மூன்று மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஏற்றுகிறது. காலை ஓட்டம் முடிந்த அரை மணிக்குள் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள். காபி அப்புறம்.

எனக்கே ஒரு வருடம் ஃபெரிட்டின் 9 இருந்தது. மூன்றாவது வாரமே படியில் மூச்சு வாங்குவது குறைந்தது, ஆனால் பழைய வேகத்துக்கு இதயத்துடிப்பு இறங்கப் பத்து வாரம் ஆனது. பன்னிரண்டாம் வாரம் எண் 34. நீங்கள் எட்டாவது வாரம் ரத்தம் பாருங்கள், அதுவரை வேக ஓட்டம் வேண்டாம். எண் நகரவே இல்லையென்றால் முதலில் சொன்ன ஒழுகலைத்தான் தேட வேண்டும், குடல் உறிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரேஸ் முடிவை அந்த ரிப்போர்ட் வந்தபின் எடுக்கலாம்.