வெளிவளையப் பழுதும் 3.05 என்ற எண்ணும்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெல்ட் பூட்டிய மோட்டர்களின் அதிர்வை அளந்துவிட்டுப் போனவர்கள் ஆங்கிலத்தில் அறிக்கை தந்திருக்கிறார்கள். முகாமையாளருக்குத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கினம். மீடிறன், வீச்சம் என்று அப்படியே எழுதினால் அவருக்கு விளங்குமா? முக்கிய வரிகள் இவை:

```
Motor 30 kW, 1470 rpm, DE bearing 6309
Overall: 2.3 mm/s RMS, Zone B
Envelope: 74.7 Hz = 3.05X, BPFO
Harmonics: 149.4, 224.1 Hz
```

பதில்: மீடிறன், வீச்சம் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்த சொற்கள்தான், அப்படியே எழுதுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: எந்தப் பாகம் அடிபடுகிறது என்பதை மீடிறன் காட்டும், எவ்வளவு பலமாக என்பதை வீச்சம் காட்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1470 சுற்று என்றால் செக்கனுக்கு 24.5 சுற்று. அறிக்கையில் 1X என்பது இதுதான். 74.7 ஐ 24.5 ஆல் வகுத்தால் 3.05 வருகிறது. 6309 பெயாரிங்குக்குள் எட்டுக் குண்டுகள் இருக்கின்றன. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது வெளிவளையத்தின் ஒரு புள்ளியை ஏறத்தாழ மூன்று குண்டுகள், சரியாகச் சொன்னால் 3.05 குண்டுகள் கடக்கும். அந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் கடக்கிற ஒவ்வொரு குண்டும் ஒரு தட்டுத் தட்டும். BPFO என்ற எழுத்துகளுக்கு இதுதான் பொருள்.

இந்த 3.05 ஐ ‘சுழற்சியின் மூன்று மடங்கு’ என்று சுருக்கிவிடாதீர்கள். சரியாக மூன்று மடங்கு என்றால் 73.5 ஹேர்ட்ஸ். அது பெரும்பாலும் பொருத்தம் பிசகியதையோ ஏதோ தளர்ந்திருப்பதையோ காட்டும். 1.2 ஹேர்ட்ஸ் வித்தியாசம்தானே என்று விட்டால், முகாமையாளர் ஆட்களை அனுப்பிக் கப்பியை நேராக்கி, போல்ட்டுகளை இறுக்கிவிட்டு மோட்டரை மறுபடி ஓட்டச் சொல்லுவார். பெயாரிங் பழுதாகவே கிடக்கும். மடங்குகளைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: சரியான 6 மடங்கு 147, 9 மடங்கு 220.5. உங்கள் அறிக்கையில் இருப்பதோ 149.4, 224.1. மேலே போகப்போக இடைவெளி கூடுகிறது. ஆகவே இது பெயாரிங்தான்.

அடுத்தது Zone B. விறைப்பான அத்திவாரத்தில் பூட்டிய, 15 முதல் 300 கிலோவாட் வரையான இயந்திரங்களுக்கு, 2022 இல் ISO 20816-3 ஆல் மாற்றப்பட்ட ISO 10816-3 தரநியமத்தில், செக்கனுக்கு 1.4 முதல் 2.8 மி.மீ. வரை B வலயம். நீண்டகாலம் ஓட்டலாம் என்பது அதன் பொருள். முகாமையாளர் இந்த வரியை முதலில் வாசித்தால் அறிக்கை மேசை லாச்சிக்குள் போய்விடும்! ஆனால் 2.3 என்பது மோட்டர் முழுவதும் ஆடுகிற வேகம். சின்னப் பள்ளத்தில் விழும் தட்டு மிகக் குறுகியது, அந்த எண்ணில் அது அநேகமாகத் தெரியாது. அதைத் தனியே பிரித்தெடுப்பதுதான் என்வலப் அளவு. ஆகவே இரண்டு வரிகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நீங்கள் வரிசையை மாற்றி, பெயாரிங் செய்தியை மேலே போடுங்கள்.

RMS என்ற எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. அது உச்ச அளவு அல்ல, ஒரு வகைச் சராசரி. சீரான அலையாக இருந்தால் 2.3 RMS இன் உச்ச அளவு 3.25. அதை RMS என்று நினைத்து அட்டவணையில் தேடினால் C வலயத்தில் போய் நிற்கும், வீண் பதற்றம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘மோட்டரின் பெல்ட் பக்கப் பெயாரிங்கில் (6309) வெளிவளையம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. அடையாளம்: 74.7 ஹேர்ட்ஸ் மீடிறன், சுழற்சி வேகத்தின் 3.05 மடங்கு. அதன் இரண்டு, மூன்று மடங்குகளும் தெரிகின்றன. மோட்டரின் மொத்த அதிர்வு செக்கனுக்கு 2.3 மி.மீ. (RMS), B வலயம். ஆனால் இந்த அளவு பெயாரிங்கின் ஆரம்பப் பழுதைக் காட்டாது.’

எத்தனை நாள் தாங்கும் என்று முகாமையாளர் கட்டாயம் கேட்பார். அறிக்கையில் இல்லாத நாட்கணக்கை நீங்கள் எழுத வேண்டாம். என்வலப் வீச்சத்துக்கு அந்த ISO அட்டவணையில் எல்லை இல்லை. அதே பெயாரிங்கில், அதே இடத்தில், அதே அமைப்பில் முன்பு எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அளவு குறைந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பழுது முற்றும்போது பள்ளத்தின் விளிம்புகள் தேய்ந்து, அளவில் தெளிவாகத் தெரிந்த உச்சங்கள் பொது இரைச்சலில் அமிழ்ந்துவிடுவதும் உண்டு. அப்போது சத்தமும் சூடும் கூடியிருக்கும்.

காலபோக நெல் வரத்துக்கு முன் ஆலை ஓய்வாக இருக்கும் நாளில் மாற்றிவிடச் சொல்லலாம். கழற்றிய பெயாரிங்கை எறியாமல் வெளிவளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள். பெல்ட் இழுக்கும் திசையில், சுமை விழுகிற பக்கத்தில்தான் பள்ளம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் படம் எடுத்து அறிக்கையோடு கோவையில் வையுங்கள்.